முப்பது ரூபாய் ஆப்ஷன் மலிவா?

நிஃப்டி 25,000 புள்ளியில் இருக்கிறது. சரியாக ஒரு வாரத்தில் முடியப்போகும் மூன்று கால் ஆப்ஷன்கள் மொபைல் திரையில் வரிசையாகத் தெரிகின்றன. முதலாவதன் விலை 550 ரூபாய், இரண்டாவது 180 ரூபாய், மூன்றாவது 30 ரூபாய். மூன்றுமே நிஃப்டி ஏறினால் பலன் தருபவை. மூன்றும் ஒரே நாளில் முடிபவை. அப்படியிருக்க, புதிதாக வருகிறவரின் விரல் எதன்மேல் போகும்? பெரும்பாலும் முப்பது ரூபாயின்மேல்தான். "550 கொடுத்து ஒன்று வாங்குவதற்கு 30 கொடுத்து வாங்கினால் போச்சு. போனாலும் முப்பதுதானே" என்கிற எண்ணம் அது.

அந்த எண்ணத்தில் எங்கே பிழை என்பதைக் காட்டத்தான் இன் தி மணி, அட் தி மணி, அவுட் ஆஃப் தி மணி என்ற மூன்று சொற்கள் இருக்கின்றன. சந்தையில் புழங்குகிறவர்கள் இவற்றை ஐடிஎம், ஏடிஎம், ஓடிஎம் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். யூடியூபில் ஆப்ஷன் பற்றிப் பேசுகிற எவரும் இந்தச் சொற்களைச் சொல்லாமல் ஒரு நிமிடம் பேசுவதில்லை. ஆனால் காசு போட்ட பிறகும் இவற்றின் பொருள் பலருக்குத் தெளிவாக இருப்பதில்லை. ஆப்ஷனே தெரியாதவரும் பின்தொடரும்படி, தங்கத்திலிருந்து தொடங்குவோம்.

நகைக்கடையில் ஒரு முன்பதிவு

மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். இன்று ஒரு பவுன் 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் விலை ஏறிவிடுமோ என்று அம்மாவுக்குக் கவலை. கடைக்காரர் ஒரு வழி சொல்கிறார்: "2,000 ரூபாய் கட்டணம் கட்டுங்கம்மா. ஒரு மாதம் கழித்து விலை எங்கே இருந்தாலும் உங்களுக்கு ஒரு பவுன் 1,00,000 ரூபாய்க்குத் தருகிறேன். வேண்டாமென்றால் வாங்க வேண்டாம். ஆனால் 2,000 திரும்பி வராது."

நம் ஊர் நகைக்கடைகளில் இதற்கு நெருக்கமான அட்வான்ஸ் புக்கிங் வழக்கத்தில் இருக்கிறது. அங்கே கட்டிய முன்பணத்தைப் பில்லில் கழித்துக்கொள்வார்கள். நம் உதாரணத்தில் கட்டணம் கடைக்காரருக்கே சொந்தம். இந்த ஒரு மாற்றத்தோடு பார்த்தால், அம்மா வாங்கியது ஒரு கால் ஆப்ஷன். குறித்த விலைக்கு வாங்கும் உரிமை அவரிடம் இருக்கிறது. வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேசி முடித்த 1,00,000 ரூபாய்தான் ஸ்ட்ரைக் விலை. கட்டிய 2,000 ரூபாய் பிரீமியம். ஒரு மாதம் முடியும் நாள் எக்ஸ்பைரி.

இனி விலை எங்கே போகிறது என்று பார்ப்போம். பவுன் 1,08,000 ஆகிவிட்டால், அம்மாவின் கையில் இருக்கும் சீட்டுக்கு மதிப்பு வந்துவிட்டது. வெளியில் 1,08,000 கொடுக்க வேண்டிய பொருளை அவர் 1,00,000 கொடுத்து எடுக்கலாம். அந்த உரிமையை இந்த நிமிடமே பயன்படுத்தினால் 8,000 ரூபாய் மிச்சம். இந்த நிலைதான் இன் தி மணி.

விலை அதே 1,00,000 ரூபாயில் நின்றால், சீட்டைக் காட்டி வாங்குவதும் நேரே கடைக்குப் போய் வாங்குவதும் ஒன்றுதான். ஸ்ட்ரைக் விலையும் சந்தை விலையும் ஒரே இடத்தில் நிற்கும் இந்த நிலை அட் தி மணி.

விலை 95,000 ரூபாய்க்கு இறங்கிவிட்டால், 1,00,000 கொடுத்து வாங்கும் உரிமையை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். சீட்டை மடித்து வைத்துவிட்டு 95,000 கொடுத்து வாங்கிவிடுவார்கள். இது அவுட் ஆஃப் தி மணி.

ஆக, மூன்று சொற்களும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இந்த உரிமையை இப்போதே பயன்படுத்தினால் ஏதாவது கிடைக்குமா? கிடைக்கும் என்றால் ஐடிஎம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் ஏடிஎம். பயன்படுத்துவதே நஷ்டம் என்றால் ஓடிஎம்.

இன் தி மணி என்றால் லாபம் என்று பொருளல்ல

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அந்தக் கேள்வியில் அம்மா கட்டிய 2,000 ரூபாயைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பவுன் 1,01,000 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக் விலையைவிடச் சந்தை விலை 1,000 ரூபாய் கூடுதல். எனவே சீட்டு இன் தி மணிதான். ஆனால் அதை வாங்கக் கொடுத்தது 2,000. கிடைப்பது 1,000. கூட்டிக் கழித்தால் 1,000 ரூபாய் கைநஷ்டம். பவுன் 1,02,000 தொட்டால்தான் போட்டது கைக்கு வரும். அதற்கு மேல் ஏறுவதுதான் லாபம்.

ஸ்ட்ரைக் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள உறவை மட்டும்தான் இந்தச் சொற்கள் சொல்கின்றன. நீங்கள் எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. ஒரே ஆப்ஷனை ஒருவர் 20 ரூபாய்க்கும் இன்னொருவர் 90 ரூபாய்க்கும் வாங்கியிருப்பார்கள். இருவருக்கும் அது ஐடிஎம்தான். ஒருவர் லாபத்திலும் மற்றவர் நஷ்டத்திலும் இருக்கலாம். எனவே "என் ஆப்ஷன் ஐடிஎம் ஆகிவிட்டது" என்று யாராவது மகிழ்ந்தால், எவ்வளவுக்கு வாங்கினார் என்று கேட்ட பிறகே வாழ்த்த வேண்டும்.

புட் ஆப்ஷனில் திசை மாறும்

வாங்கும் உரிமை கால் என்றால், விற்கும் உரிமை புட். அதே கடைத்தெருவில் இன்னொருவர் கையில் ஒரு பவுன் இருக்கிறது. அடுத்த மாதம் அதை விற்றுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். அதற்குள் விலை விழுந்துவிடுமோ என்பது அவர் பயம். ஒரு வியாபாரியிடம் கட்டணம் கட்டி, "விலை எங்கே இருந்தாலும் 1,00,000 ரூபாய்க்கு என் பவுனை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்.

பவுன் 95,000 ரூபாய்க்கு இறங்கினால் இவர் சீட்டுக்குத்தான் மதிப்பு. ஊரே 95,000-க்கு விற்கும்போது இவர் மட்டும் 1,00,000-க்கு விற்கலாம். எனவே இது 5,000 ரூபாய் இன் தி மணி. 1,08,000 ஆகிவிட்டால் இந்த உரிமை யாருக்கும் வேண்டாம், அவுட் ஆஃப் தி மணி. அம்மாவின் கால் ஆப்ஷன் உயிரோடு இருக்கும் விலையில் இவருடைய புட் படுத்துவிடும். இவருடையது எழுந்தால் அம்மாவுடையது படுத்துவிடும்.

நினைவில் வைக்க ஒரே வரி போதும். கால் ஆப்ஷனில் ஸ்ட்ரைக் விலை சந்தை விலைக்குக் கீழே இருந்தால் ஐடிஎம், புட் ஆப்ஷனில் மேலே இருந்தால் ஐடிஎம்.

திரையில் எப்படித் தெரியும்?

இந்தியாவில் நிஃப்டி ஆப்ஷன்கள் தேசியப் பங்குச் சந்தையில் 2001 ஜூன் மாதம் அறிமுகமாயின. அதன் இணையதளத்திலோ உங்கள் புரோக்கரின் ஆப்பிலோ ஆப்ஷன் செயின் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். நடுவில் ஸ்ட்ரைக் விலைகள் மேலிருந்து கீழாக ஏறிக்கொண்டே போகும். இடப்பக்கம் கால், வலப்பக்கம் புட். பட்டியலில் சில கட்டங்களுக்கு மட்டும் நிறம் தீட்டியிருக்கும். அவைதான் ஐடிஎம். கால் பக்கம் மேல்பாதியிலும் புட் பக்கம் கீழ்பாதியிலும் நிறம் இருப்பதைப் பார்த்ததும், மேலே சொன்ன தங்கக் கணக்கு கண்ணுக்கு நேரே விளங்கிவிடும்.

நிஃப்டியில் ஸ்ட்ரைக் விலைகள் 50 புள்ளி இடைவெளியில் வரும்: 24,950, 25,000, 25,050 என்று. நிஃப்டியோ 25,018.35 போன்ற ஓர் எண்ணில் அலைந்துகொண்டிருக்கும். துல்லியமாக ஒரு ஸ்ட்ரைக் விலையில் வந்து நிற்பது அபூர்வம். அதனால் மிக அருகில் இருக்கும் ஸ்ட்ரைக்கையே ஏடிஎம் என்று அழைப்பது வழக்கம். 25,018-ல் நிஃப்டி இருந்தால் 25,000 ஏடிஎம். நிஃப்டி நூறு புள்ளி ஏறினால் அந்தப் பெயர் 25,100-க்குப் போய்விடும். காலையில் ஓடிஎம் ஆக இருந்தது மதியம் ஐடிஎம் ஆகலாம், மாலையில் மறுபடி ஓடிஎம் ஆகலாம். ஆப்ஷனோடு ஒட்டிப் பிறந்த பெயர் எதுவும் இல்லை. சந்தை நகர நகரப் பெயரும் நகரும்.

மூன்று விலைகளையும் பிரித்துப் பார்ப்போம்

இப்போது முதலில் பார்த்த மூன்று ஆப்ஷன்களுக்கு வரலாம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலைகள். ஆனால் சந்தை அமைதியாக இருக்கும் ஒரு வாரத்தில் விலைகள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். நிஃப்டி 25,000. எக்ஸ்பைரிக்கு ஏழு நாள். திரையில் அவற்றின் பெயர் 24500 CE, 25000 CE, 25500 CE என்று இருக்கும். CE என்பது கால் ஆப்ஷனுக்கான குறி. புட் என்றால் PE.

24500 CE-யின் விலை 550 ரூபாய். இது 24,500-க்கு நிஃப்டியை வாங்கும் உரிமை. நிஃப்டி 25,000-ல் இருப்பதால் இந்த நிமிடமே இதற்கு 500 ரூபாய் மதிப்பு உண்டு. இதை உள்மதிப்பு என்போம். மீதி 50 ரூபாய் எதற்கு? இன்னும் ஏழு நாள் இருக்கிறதே, அதற்குள் நிஃப்டி மேலும் ஏறலாம் என்ற வாய்ப்புக்கு. இதைக் காலமதிப்பு என்போம். எந்த ஆப்ஷனின் பிரீமியமும் இந்த இரண்டின் கூட்டல்தான்.

25000 CE-யின் விலை 180. உள்மதிப்பு பூஜ்யம். 180 ரூபாயும் காலமதிப்பு. 25500 CE-யின் விலை 30. இதிலும் உள்மதிப்பு இல்லை. முப்பதும் காலமதிப்பே.

இப்போது காலமதிப்பை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: 50, 180, 30. நடுவில் இருக்கும் ஏடிஎம் ஆப்ஷனில்தான் அது அதிகம். இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் குறைகிறது. காரணம் எளிது. நிச்சயமின்மை எங்கே அதிகமோ அங்கேதான் காலத்துக்கு விலை அதிகம். ஏடிஎம் ஆப்ஷன் கடைசியில் மதிப்போடு முடியுமா, மதிப்பில்லாமல் முடியுமா என்பது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஆழமான ஐடிஎம் அநேகமாக மதிப்போடுதான் முடியும். தொலைவிலுள்ள ஓடிஎம் அநேகமாக மதிப்பில்லாமல்தான் முடியும். இந்த இரண்டிலும் முடிவு ஓரளவு தெரிந்ததே. அதனால் காலத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க யாரும் தயாராக இல்லை.

முப்பது ரூபாய் என்பது சந்தை உங்களுக்குத் தரும் தள்ளுபடி அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. 25500 CE ஒரு ரூபாய் மதிப்போடாவது முடிய வேண்டுமானால் நிஃப்டி ஒரே வாரத்தில் 500 புள்ளிக்கு மேல் ஏறியாக வேண்டும். அப்படி ஏறுவதற்குச் சந்தை கொடுக்கும் வாய்ப்பு சுமார் எட்டில் ஒன்று. அந்தக் குறைந்த வாய்ப்புக்கு உரிய விலைதான் முப்பது.

போட்ட காசு திரும்ப வரும் இடத்தையும் பார்த்துவிடலாம். கால் ஆப்ஷனில் ஸ்ட்ரைக் விலையோடு பிரீமியத்தைக் கூட்டினால் அது கிடைத்துவிடும். ஐடிஎம் வாங்கியவருக்கு 25,050. ஏடிஎம் வாங்கியவருக்கு 25,180. ஓடிஎம் வாங்கியவருக்கு 25,530. ஐம்பது புள்ளி ஏறினால் ஒருவருக்குப் போட்டது வந்துவிடும். இன்னொருவருக்கு 530 புள்ளி ஏற வேண்டும். விலை குறைந்த ஆப்ஷன்தான் அதிகம் எதிர்பார்க்கிறது.

எக்ஸ்பைரி நாளில் என்ன ஆகும்?

மூன்று பேர் ஆளுக்கொரு லாட் வாங்கியிருக்கிறார்கள். ஆப்ஷனை ஒன்று, இரண்டு என்று வாங்க முடியாது, லாட் கணக்கில்தான் வாங்க வேண்டும். லாட்டின் அளவைச் சந்தை அவ்வப்போது மாற்றும். நம் கணக்குக்கு 75 என்று கொள்வோம். அப்படியானால் ஐடிஎம் வாங்கியவர் போட்டது 41,250 ரூபாய். ஏடிஎம் வாங்கியவர் 13,500. ஓடிஎம் வாங்கியவர் 2,250.

நிஃப்டி நன்றாகவே ஏறி, எக்ஸ்பைரி அன்று 25,300-ல் முடிகிறது என்று வையுங்கள். மூவருமே "ஏறும்" என்று சொன்னவர்கள், மூவர் சொன்னதும் பலித்திருக்கிறது. ஆனால் பலன் ஒன்றாக இல்லை. 24500 CE-க்கு இப்போது 800 ரூபாய் மதிப்பு. ஒன்றுக்கு 250 ரூபாய் லாபம், லாட்டுக்கு 18,750. 25000 CE-க்கு 300 ரூபாய் மதிப்பு. ஒன்றுக்கு 120 லாபம், லாட்டுக்கு 9,000. 25500 CE-க்கு மதிப்பு பூஜ்யம். 25,300-ல் கிடைக்கும் ஒன்றை 25,500 கொடுத்து வாங்கும் உரிமை யாருக்கு வேண்டும்? 2,250 ரூபாயும் போயிற்று. சந்தை 300 புள்ளி ஏறியும், ஏறும் என்று சரியாகச் சொல்லியும், போட்ட பணம் முழுக்கப் போய்விட்டது.

நிஃப்டி எங்கும் போகாமல் அதே 25,000-ல் முடிந்தால்? ஐடிஎம் வாங்கியவர் காலமதிப்பான 50 ரூபாயை மட்டும் இழப்பார், 500 கைக்கு வரும். ஏடிஎம் வாங்கியவர் 180 முழுவதையும் இழப்பார். ஓடிஎம் வாங்கியவர் முப்பதையும் இழப்பார்.

200 புள்ளி இறங்கி 24,800-ல் முடிந்தால் படம் மாறும். ஐடிஎம் ஆப்ஷனுக்கு 300 ரூபாய்தான் மிஞ்சும். ஒன்றுக்கு 250 நஷ்டம், லாட்டுக்கு 18,750. ஓடிஎம் வாங்கியவர் இழப்பு அதே 2,250-தான். ஐடிஎம் பாதுகாப்பானது என்று சிலர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே சான்று. அதில் காலத்துக்குக் கொடுக்கும் விலை குறைவு. ஆனால் போட்டிருக்கும் பணம் பெரிது, திசை தவறினால் இழப்பும் பெரிது.

நான்காவதாக ஒன்றும் உண்டு. நிஃப்டி 800 புள்ளி பாய்ந்து 25,800-ல் முடிந்தால், 30 ரூபாய்க்கு வாங்கிய 25500 CE 300 ரூபாய் ஆகும். போட்டது பத்து மடங்காகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாம் இந்த வாரத்தில் எடுத்தவைதான். மற்ற வாரங்களின் முப்பது ரூபாய்களை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை.

ஏறும்போதே கரைவது எப்படி?

எக்ஸ்பைரி வரை காத்திருக்கப் போவதில்லை, ஏறியதும் விற்றுவிடுவேன் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சாத்தியமே. ஆப்ஷனை வாங்கிய நாளிலேயே விற்கலாம். ஆனால் அப்போதும் இந்த மூன்று நிலைகளும் வேறு வேறு வேகத்தில்தான் நகரும்.

இன்றைக்கே நிஃப்டி 100 புள்ளி ஏறினால், ஐடிஎம் ஆப்ஷன் சுமார் 90 ரூபாய் கூடும். ஏடிஎம் சுமார் 50 ரூபாய் கூடும். ஓடிஎம் சுமார் 15 ரூபாய்தான் கூடும். சந்தை ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் எத்தனை பைசா நகர்கிறது என்ற இந்த அளவுக்கு டெல்ட்டா என்று பெயர். ஆழமான ஐடிஎம் ஆப்ஷன் கிட்டத்தட்ட நிஃப்டியோடு ஒட்டியே நடக்கும். ஓடிஎம் வெகுவாகப் பின்தங்கும்.

அது பின்தங்கும் நேரத்தில் நாட்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான்கு நாள் கழிகிறது. நிஃப்டி மெல்ல ஏறி 25,200 ஆகியிருக்கிறது. எக்ஸ்பைரிக்கு இன்னும் மூன்று நாள். 25500 CE வாங்கியவர் ஆசையோடு திரையைத் திறக்கிறார். நிஃப்டி 200 புள்ளி மேலே. ஆப்ஷன் விலையோ 30-லிருந்து ஏறக்குறைய 20 ஆகியிருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. 200 புள்ளி ஏறியதால் கூடிய மதிப்பைவிட, நான்கு நாள் கழிந்ததால் குறைந்த மதிப்பு அதிகம். எட்ட வேண்டிய தூரம் இன்னும் 300 புள்ளி. அதற்கு மிச்சமிருப்பது மூன்றே நாள்.

உள்மதிப்பு நாள் கழிவதால் குறையாது, சந்தை இறங்கினால்தான் குறையும். காலமதிப்பு சந்தை அசையாவிட்டாலும் குறையும், எக்ஸ்பைரி நெருங்க நெருங்க வேகமாகக் குறையும். ஏடிஎம், ஓடிஎம் ஆப்ஷன்களின் விலை முழுவதுமே காலமதிப்பு என்பதால், அவற்றை வாங்கியவர் திசையில் மட்டும் ஜெயித்தால் போதாது, வேகத்திலும் ஜெயிக்க வேண்டும்.

பங்கு ஆப்ஷனில் எல்லைக்கோட்டின் ஆபத்து

நிஃப்டி ஆப்ஷன் ஐடிஎம் ஆக முடிந்தால் உள்மதிப்பு பணமாகக் கணக்கில் வந்துவிடும். ஓடிஎம் ஆக முடிந்தால் அப்படியே காலாவதி. வாங்கியவருக்கு வேறு பொறுப்பு கிடையாது. தனிப் பங்குகளின் ஆப்ஷன் அப்படியல்ல. 2019 அக்டோபர் முதல் இந்தியாவில் எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் பங்கைக் கைமாற்றித்தான் கணக்கு முடிக்கப்படுகின்றன.

இதன் பொருள் என்ன? ஒரு பங்கின் 1,000 ரூபாய் கால் ஆப்ஷனை 5 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள், லாட்டில் 500 பங்குகள் என்று வையுங்கள். உங்கள் செலவு 2,500 ரூபாய். எக்ஸ்பைரி அன்று பங்கு 1,002-ல் முடிகிறது. ஆப்ஷன் 2 ரூபாய் ஐடிஎம். நீங்கள் அதை விற்காமல் விட்டிருந்தால், 500 பங்குகளையும் 1,000 ரூபாய் வீதம் வாங்கியாக வேண்டும். அதற்கு 5 லட்சம் ரூபாய் வேண்டும். 2,500 ரூபாயோடு முடிந்துவிடும் என்று நினைத்தவரிடம் 5 லட்சம் கேட்கப்படுகிறது. எக்ஸ்பைரிக்கு முந்தைய நாட்களிலேயே ஐடிஎம் ஆப்ஷன் வைத்திருப்பவரிடம் புரோக்கர் கூடுதல் மார்ஜின் கேட்கத் தொடங்குவது இதனால்தான்.

புட் வாங்கியவருக்கு இது இன்னும் கடினம். அவர் பங்கைக் கொடுக்க வேண்டும். கையில் பங்கு இல்லையென்றால் சந்தை ஏலத்தில் வாங்கி, விலை வித்தியாசத்தை அவர் தலையில் கட்டும். 2021 டிசம்பர் மாத எக்ஸ்பைரியில் ஹிண்டால்கோ பங்கில் இதுதான் நடந்தது. அதன் 450 ரூபாய் புட் ஆப்ஷன் ஓடிஎம் ஆகவே முடியும் என்று வாங்கியவர்கள் விட்டுவிட்டார்கள். கடைசி நேரத்தில் பங்கு 450-க்குச் சற்றுக் கீழே இறங்கி முடிந்தது. சில பைசா வித்தியாசத்தில் புட் ஐடிஎம் ஆயிற்று. கையில் பங்கு இல்லாதவர்கள் பங்கைக் கொடுக்க வேண்டிய நிலைக்கு ஆளாகி, கட்டிய பிரீமியத்தைவிடப் பல மடங்கு இழந்தார்கள். ஆப்ஷன் வாங்கினால் பிரீமியத்துக்கு மேல் நஷ்டம் வராது என்ற பாடம், பங்கு ஆப்ஷனை எக்ஸ்பைரி வரை விட்டுவைப்பவருக்குப் பொருந்தாது.

எல்லைக்கோட்டுக்கு அருகில் இருக்கும் பங்கு ஆப்ஷனை, அது ஓடிஎம் போலத் தெரிந்தாலும், எக்ஸ்பைரி அன்று சந்தை மூடுவதற்கு வெகு முன்பே விற்று முடித்துவிடுவதுதான் முறை. ஐம்பது பைசாவுக்குப் போனாலும் சரி.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள். செலவுகளையும் சேர்த்து ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய் போயிருக்கிறது. அத்தனை பேரும் திசையைத் தவறாகக் கணித்தவர்களாக இருக்க வாய்ப்பில்லை. திசையைச் சரியாகக் கணித்தும் பணத்தை இழக்க முடியும் என்பதை மேலே 25,300-ல் பார்த்துவிட்டோம்.

அதனால், யார் எந்த ஆப்ஷனைப் பரிந்துரைத்தாலும், ஆர்டர் போடும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். கேட்கும் பிரீமியத்தில் உள்மதிப்பு எவ்வளவு, காலமதிப்பு எவ்வளவு? போட்டது திரும்ப வர, சந்தை எந்த இடத்துக்குப் போக வேண்டும்? அங்கே போய்ச் சேர எத்தனை நாள் மிச்சமிருக்கிறது? இந்த மூன்றையும் எழுத முடியாதவர் அந்த ஆப்ஷனை வாங்கக் கூடாது. எழுதிய பிறகு, உள்மதிப்பு என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், கட்டும் பணம் முழுவதும் போய்விடும் என்று கணக்கில் எழுதிவிட்டு, அது போனாலும் வீட்டுச் செலவு பாதிக்காது என்றால் மட்டும் மேலே செல்லுங்கள். விலை குறைவாக இருக்கிறது என்பது ஒரு ஓடிஎம் ஆப்ஷனை வாங்குவதற்குக் காரணமே ஆகாது.